இன்சிஸ்ட்டுக்குப் பின் ‘பி’யா, ‘வாஸ்’ஸா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் ஆங்கிலக் கடிதம் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘ஐ சஜஸ்ட் தட் ஹி கோ’ என்பதில் ‘கோஸ்’ வராது. சஜஸ்ட், இன்சிஸ்ட், டிமாண்ட் ஆகியவற்றால் ஒன்றைச் செய்யச் சொல்லும்போது, அடுத்த வினை எந்த ஒட்டும் இல்லாமல் நிற்கும். நேற்றைய பேச்சானாலும் ‘டிமாண்டட் தட் ஹி கோ’தான்.

இதை மனப்பாடம் செய்தவர்களும் இன்சிஸ்டில் இடறுகிறார்கள். ‘தி பையர் இன்சிஸ்டட் தட் தி லெதர் பி டெஸ்டட்’ என்றால், தோலைச் சோதித்தே ஆக வேண்டும் என்று வாங்குபவர் பிடிவாதமாக நிற்கிறார். ‘பி’ இருக்குமிடத்தில் ‘வாஸ்’ போட்டால், சோதனை நடந்துவிட்டது என்று அவர் அடித்துச் சொல்வதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். பிறகு சோதனைக் கட்டணம் யார் தலையில் என்று சண்டைதான்.

எழுதுமுன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வேண்டும் என்று’ வந்தால் ஒட்டில்லாத வினை; வெறும் ‘என்று’ வந்தால் வழக்கமான காலம். சஜஸ்டுக்கும் இதே சோதனை பொருந்தும். ‘தி ஸ்டெயின் சஜஸ்ட்ஸ் தட் தி லெதர் இஸ் டேம்ப்’: கறை ஈரத்தைக் காட்டுகிறது, யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஆகவே ‘இஸ்’ சரி.

எதிர்மறைக்கு ‘தட் ஹி நாட் சைன்’ போதும், ‘டஸ்ன்ட்’ வேண்டாம். பிரிட்டிஷ் வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘ஷுட் கோ’ என்றாலும் தவறில்லை. எனக்கென்னவோ அதுவே இயல்பாகப் படுகிறது.