இரண்டு மணி கேஷ் கணக்கும் வரிசையும்

மதுரையில் 26 அறை விடுதி, வரவேற்பில் நாலு பேர். ஷிஃப்ட் மாறுவது மதியம் 2 மணிக்கு, செக்-இன் கூட்டமும் அப்போதுதான். கேஷ் எண்ணி ஒப்படைக்கிற இருபது நிமிடமும் குடும்பங்கள் பெட்டியோடு நிற்கும், எனக்கு மனசு கேட்கவில்லை.

வாரத்துக்கு 21 ஷிஃப்ட் வேண்டும், ஆளுக்கு ஆறு நாள் என்றால் 24 கிடைக்கும். மிச்சம் மூன்றையும் இரவில் இரண்டாவது ஆளாகப் போட்டிருந்தேன், வீண். அவற்றைச் சனி, ஞாயிறு, திங்களில் 9 முதல் 5 வரை மாற்றினேன்: காலை செக்-அவுட்டுக்கு ஒரு கை, 2 மணிக்குக் கவுண்டரைத் தனியாகப் பார்ப்பதும் அவரே.

அப்புறம், அன்றைய கணக்கை மூடும் நைட் ஆடிட் முடித்ததும் மறுநாள் கிளம்புகிறவர்களின் பில்லை, பாக்கியைச் சரிபார்த்து, இரவு ஆளே எடுத்து வைக்கிறார். காலையில் உணவு பில் மட்டும் சேர்த்தால் போதும். யாராவது லீவு போட்டால் இந்த 9 முதல் 5 ஷிஃப்ட்தான் முதலில் ரத்தாகிறது.