633.18 முதலில் வருமா, 633.2 முதலில் வருமா?

என் அக்கா மகள் மாப்பிள்ளைச் சம்பா பற்றிக் கல்லூரிக்கு ஒரு கட்டுரை எழுதினாள். சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கணினியில் நெல் புத்தகத்தின் எண் 633.18 என்று காட்டியதாம், அலமாரியில் இல்லையாம். மறுநாள் நானும் கூடப் போனேன். புத்தகம் அதனிடத்தில்தான் இருந்தது.

புத்தக முதுகில் 633.2 என்று பார்த்ததும், ‘18 என்றால் 2-க்கு அப்புறம்தானே’ என்று வலப்பக்கம் நகர்ந்திருக்கிறாள். தீவனப்பயிர், பருத்தி, கரும்பு எல்லாம் தாண்டி 633.72 வந்தபோது கையில் தேயிலைப் புத்தகம். பலரும் செய்கிற தவறு இது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் ‘பதினெட்டு’ என்று படிக்கக் கூடாது. ஒன்று, எட்டு என்று ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்க வேண்டும். 1 என்பது 2-ஐவிடச் சிறியது, அதனால் 633.18 முதலில் வந்துவிடும்.

நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கப் பயன்படுத்தும் டூயி தசமப் பகுப்பில் 633 என்பது வயல் பயிர்கள். 633.1 தானியங்கள். அதற்குள் 633.11 கோதுமை, 633.15 மக்காச்சோளம், 633.18 நெல். ஓர் இலக்கம் கூடினால் பொருள் ஒரு படி குறுகும். தேடிய புத்தகம் இல்லாவிட்டால் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு 633.1-ஐப் பாருங்கள். தானியங்களைப் பொதுவாகப் பேசும் புத்தகத்தில் நெல்லுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கக்கூடும்.

அடுத்த தவறு, நெல் பற்றிய எல்லாமே 633.18-இல் இருக்கும் என்று நம்புவது. டூயி பகுப்பு ‘எதைப் பற்றி’ என்பதற்கு முன் ‘எந்தத் துறை’ என்று கேட்கும். நெல் உற்பத்தியின் பொருளாதாரம் 338.17318-இல், அரிசிச் சமையல் 641.6318-இல். மூன்றும் வேறு வேறு அலமாரி, சில நூலகங்களில் வேறு மாடியே கூட. ஆனால் வாலைக் கவனியுங்கள். 633.18-இல் வேளாண்மையைக் குறிக்கும் 63-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது 318. அதையேதான் மற்ற இரண்டு எண்களின் கடைசியிலும் ஒட்டியிருக்கிறார்கள். இது தெரிந்தால் கோதுமைச் சமையலுக்கு 641.6311 என்று நீங்களே சொல்லிவிடலாம்.

எண்ணில் ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் கலந்திருந்தால் அது வேறு கணக்கு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பாக இருக்கலாம். அங்கே டூயி எண்ணை வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது.

ஒரு புத்தகத்துக்கு அலமாரியில் ஓரிடம்தான். சாகுபடியும் சமையலும் கலந்த நூல் ஏதோ ஒரு பக்கம்தான் நிற்கும். அதனால் அலமாரியை மட்டும் மேய்ந்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாமல், கணினியில் ‘நெல்’, ‘அரிசி’ இரண்டையும் பொருள் தலைப்பாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பார்த்த புத்தகத்தை நாமே திரும்பச் செருகுவதும் வேண்டாம், மேசையிலேயே விட்டுவிடலாம். அன்று 633.18 வரிசையில் ஒரு காபிப் புத்தகம் நின்றது. 633.73. முந்தின நாள் யார் அங்கே வைத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.