மெசேஜில் ஓவிய ஆர்டர் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறைந்த அப்பாவின் பழைய பாஸ்போர்ட் அளவுப் படத்தையும் தங்கள் கல்யாணப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “மூவரும் ஒன்றாக நிற்பதுபோல் வரைந்து தருவீர்களா?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஓவியர் விலையைச் சொல்கிறார். அவர்கள் ‘சரி’ என்கிறார்கள். அன்றிரவே பென்சிலை எடுத்துவிடுகிறார். முதல் தவறு இதுதான். இத்தகைய படத்தில் கடினமான வேலையே தொடக்கத்தில்தான் இருக்கிறது: இரண்டு படங்களிலும் வெளிச்சம் வெவ்வேறு பக்கத்திலிருந்து விழுந்திருக்கும், தலையின் அளவுகள் ஒத்துப்போகாது. அவற்றைச் சரிசெய்து கோட்டோவியம் அனுப்பிய பிறகு மறுமுனையில் பதிலே வராவிட்டால், அத்தனை உழைப்பும் வீண்.

ஆகவே பாதித் தொகை முன்பணமாக வந்த பிறகே தாளில் கோடு விழ வேண்டும். ஆர்டரை ரத்து செய்தால் அந்தப் பணம் என்னவாகும் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். கோட்டோவியம் அனுப்பும் முன் என்றால் முழுவதும் திருப்பித் தரலாம். அனுப்பிய பின் கிடையாது. பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்பி உட்காராமல் உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் பெறுவதற்கு உங்கள் யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. அதைப் போடச் சொல்பவர் வாடிக்கையாளர் அல்லர்.

அதிகம் பேர் இடறி விழுவது திருத்தங்களில். ‘இரண்டு திருத்தம் இலவசம்’ என்று எண்ணிக்கையை மட்டும் சொல்வது போதாது. எந்தக் கட்டத்தில் என்று சொல்ல வேண்டும். யார் எங்கே நிற்பது, முகம் எவ்வளவு பெரிது, என்ன உடை என்பதெல்லாம் கோட்டோவியத்திலேயே முடிவாக வேண்டும். வண்ணப் பென்சில் தாளின் நுண்துளைகளில் அழுந்திவிட்டால் ஓரளவு வெளிற வைக்கலாமே தவிர முழுதாக அழிக்க முடியாது. நீர்வண்ணத்தையும் முழுதாக அழிப்பது கடினம். வண்ணம் ஏறிய பின் “சேலையைப் பச்சையாக்குங்கள்” என்றால் அது திருத்தமல்ல, புது ஓவியம்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுவது நியாயம். அனுப்பிய படத்தில் இருப்பதற்கு மாறாக வரைந்திருந்தால் அது ஓவியரின் பிழை. எத்தனை முறையானாலும் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வாடிக்கையாளர் மனம் மாறினால் அதற்குத் தனிக் கட்டணம். கோட்டோவியம் குடும்பக் குழுவுக்குப் போனதும் அத்தை மூக்கைப் பற்றியும் மாமா மீசையைப் பற்றியும் தனித்தனியாகக் கருத்துச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒருவரே தொகுத்து ஒரே மெசேஜில் அனுப்ப வேண்டும். அதுதான் ஒரு திருத்தம் என்று கணக்கு.

அடுத்தது தேதி. ‘பத்து நாளில் தருகிறேன்’ என்றால் எந்த நாளிலிருந்து? ஆர்டர் கொடுத்தவர் பேசிய நாளிலிருந்து எண்ணுவார். நீங்களோ தெளிவான படம் வந்த நாளிலிருந்து எண்ணுவீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி, கண்ணின் விவரங்கள் கரைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவதற்கே சில நாள் போய்விடும். வரைந்து முடிக்கும் தேதியும் வீட்டுக்குப் போய்ச் சேரும் தேதியும் வேறு வேறு. கூரியர் தாமதம் உங்கள் கையில் இல்லை என்பதால், நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டியது அனுப்பும் தேதிக்கு மட்டுமே.

நவம்பர் 22 திருமண நாள் என்று வைத்துக்கொண்டால், மெசேஜ் இப்படி இருக்கலாம்:

“ஏ3 தாளில் வண்ணப் பென்சில் ஓவியம், மூன்று பேர். ஃபிரேம் கிடையாது. விலை 6,000 ரூபாய், கூரியர் தனி. முன்பணம் 3,000 ரூபாயும் படங்களும் நவம்பர் 1-க்குள் வர வேண்டும். 4-ஆம் தேதி கோட்டோவியம் அனுப்புவேன். அதில் இரண்டு திருத்தங்கள் இலவசம். 6-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். உங்கள் பதில் எத்தனை நாள் தாமதமாகிறதோ அத்தனை நாள் அடுத்த தேதிகளும் தள்ளிப்போகும். 14-ஆம் தேதி முடிந்த ஓவியத்தைப் படமெடுத்து அனுப்புவேன். மீதிப் பணம் வந்ததும் 15-ஆம் தேதி கூரியரில் போடுகிறேன். சம்மதம் என்றால் ‘சம்மதம்’ என்று பதில் எழுதுங்கள்.”

இதை வாய்ஸ் மெசேஜில் சொல்லாதீர்கள். பின்னால் தேடி எடுப்பது பெரும்பாடு. மெசேஜ்கள் தாமாக மறையும் வசதி அந்த உரையாடலில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் சம்மதமும் சேர்ந்து மறைந்துவிடும்.

இந்த மெசேஜில் இன்னொரு வரியையும் சேர்க்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையச் செய்த உருவப்படத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் அவரே. வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் இது மாறும். முடித்த ஓவியத்தை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட விரும்பினால், “என் பக்கத்தில் வெளியிடச் சம்மதமா?” என்று முன்பணம் வாங்கும்போதே கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.