அக்குளில் 38.4 காட்டினால் நம்பிவிடாதீர்கள்: வெப்பத்தாக்கிலும் உடல் குளிர்ச்சியிலும் நேரும் தவறுகள்

வெயிலில் காலையிலிருந்து கம்பி கட்டிக்கொண்டிருந்த 28 வயது ஆள் ஒருவரைத் தூக்கிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. பெயரைக் கேட்டால் உளறுகிறார், கையைப் பிடித்தால் தள்ளிவிடுகிறார். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 38.4 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. "வேர்க்கிறதே, அப்படியென்றால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை, காய்ச்சல்தான்" என்று சொல்லி, பாராசிட்டமால் கொடுத்து ஓரமாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

வெப்பத்தாக்கு என்றால் தோல் காய்ந்திருக்க வேண்டும் என்ற பழைய பாடம்தான் முதலில் கெடுக்கிறது. வயதானவர்களுக்கு அனல்காற்று நாட்களில் வருவது பெரும்பாலும் அப்படி இருக்கும். உழைப்பால் வருவதில் வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது மூளையை. கடும் வெப்பத்தில் இருந்தவர் குழம்பினாலும், வலிப்பு வந்தாலும், மயங்கினாலும் வேறு காரணம் உறுதியாகும்வரை அது வெப்பத்தாக்குதான். சர்க்கரையையும் உடனே பாருங்கள், ஆனால் அதற்காகக் குளிர்விப்பதை நிறுத்திவைக்காதீர்கள்.

அடுத்தது அந்த எண். வேர்த்து ஈரமான அக்குள் உள்ளுறுப்புகளின் சூட்டைச் சொல்லாது. நெற்றியில் காட்டும் கருவியும் அப்படித்தான். இதே ஆளுக்கு ஆசனவாய் வழியாகப் பார்த்தால் 41.6 இருக்கலாம். 40-க்கு மேல் போய், மூளையும் தடுமாறினால் அது உயிராபத்து. அளக்கக் கருவி கையில் இல்லையென்றால் அளப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம், குளிர்விக்கத் தொடங்குங்கள்.

பாராசிட்டமால் இங்கே வேலை செய்யாது. காய்ச்சலில் மூளையே வெப்ப இலக்கை உயர்த்திவைக்கிறது, மருந்து அதை இறக்குகிறது. வெப்பத்தாக்கில் இலக்கு உயரவே இல்லை. உடல் வெளியேற்றுவதைவிட அதிகச் சூடு சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு மருந்து கூடுதல் சுமை.

செய்ய வேண்டியது, ஆடையைக் கழற்றி, கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவது. தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயின் நாலு ஓரத்தையும் தூக்கிப் பிடித்து நடுவில் ஆளைப் படுக்கவைத்து ஐஸ் தண்ணீர் ஊற்றலாம். ஒருவர் தலைமாட்டிலேயே நின்று தலையைத் தாங்கி மூச்சைக் கவனிக்க வேண்டும். உளறும் ஆளுக்கு வாயில் தண்ணீர் புகட்டவே கூடாது. அக்குளில் மட்டும் இரண்டு ஐஸ் பை வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பது மிக மெதுவான வழி. அமிழ்த்தினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி இறங்கும். 41.6-லிருந்து 39-க்கு வர 13 நிமிடம். மூளையும் கல்லீரலும் தப்புவது அரைமணிக்குள் 40-க்குக் கீழே கொண்டுவருவதைப் பொறுத்தது. அதனால் இடத்திலேயே குளிர்வித்துவிட்டு அப்புறம் அனுப்புவதே நல்லது. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அமிழ்த்துவது சிரமம் என்றால், உடம்பெங்கும் தண்ணீர் தெளித்து விசிறியை முழு வேகத்தில் வையுங்கள்.

39 தொட்டதும் வெளியே எடுங்கள். இதை மறந்தால் சூடு தானாகவே இன்னும் இறங்கி, 35-க்கும் கீழே போய்விடலாம். அங்கிருந்து உடல் குளிர்ச்சி, அதாவது ஹைப்போதெர்மியா, இன்னொரு ஆபத்து.

ஹைப்போதெர்மியாவில் எண் வேறுவிதமாக ஏமாற்றும். பாதரசத் தெர்மாமீட்டரின் அளவே பெரும்பாலும் 35-இல்தான் தொடங்கும். அது 35 காட்டினால், உள்ளே 35-ஆ 29-ஆ என்று தெரியாது. குறைந்த சூட்டையும் அளக்கும் கருவி வேண்டும். நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று நினைப்பது அடுத்த தவறு. சூடேறாமலே நடுக்கம் நின்று, பேச்சு குழறினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள்.

பாசத்தில் செய்கிற காரியம்தான் இங்கே அதிகம் கெடுக்கும்: கைகாலைத் தேய்ப்பது, எழுப்பி நடக்கவைப்பது. 32-க்குக் கீழே இதயம் சட்டென எரிச்சலடையும் நிலையில் இருக்கும். ஓர் உலுக்கலே அதன் தாளத்தைக் கலைத்து நிறுத்திவிடலாம். படுத்தவாறே வைத்து, ஈர ஆடையை இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். உலர்ந்த போர்வையைத் தலைக்கும் சேர்த்துச் சுற்றி, துணி சுற்றிய சூட்டுப் பைகளை மார்பிலும் அக்குளிலும் வையுங்கள். கைகாலை மட்டும் சூடாக்க வேண்டாம்.

நாடியைப் பத்து நொடியில் தேடி இல்லையென்று முடிவுசெய்யாதீர்கள். இதயம் மிக மெதுவாக அடிக்கும், ஒரு முழு நிமிடம் மூச்சையும் சேர்த்துப் பாருங்கள். நாடியும் மூச்சும் இல்லாவிட்டால் மார்பு அழுத்தத்தைத் தொடங்குங்கள். குளிரால் இதயம் நின்றவர், கண்மணி விரிந்து விறைத்துக் கிடந்தாலும், சூடேற்றியபின் மீண்டதுண்டு.