கடலடிப் படத்தில் பொய் அடுக்கு: நான் மாட்டிக்கொண்ட இடம்

கடலடிப் பாறை அடுக்குகளை எதிரொலியால் படமாக்கும் வேலையில், இல்லாத ஓர் அடுக்கோடு வெள்ளவத்தை அறையில் இரண்டு இரவுகள் மல்லுக்கட்டிய பிறகு எழுதுகிறேன். எதிரொலிப் பதிவுகள் உள்ள எஸ்ஈஜி-ஒய் கோப்பை, கட்டளைகளால் இயங்கும் சைஸ்மிக் யூனிக்ஸ் மென்பொருளுக்குள் கொண்டுவந்து, ஹெடர்களைச் சரிபார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சுட்டிக்கு மட்டுமே வேலை தரும் மென்பொருள்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். என்ன செய்தேன் என்பது கட்டளையிலேயே இருக்கும்.

கப்பலின் ஏர் கன் ஒலி எழுப்புகிறது. பின்னால் இழுபடும் நீண்ட கேபிளில் உள்ள ஹைட்ரோபோன்கள் எதிரொலியைக் கேட்கின்றன. முதலில், ஏர் கன்னுக்கும் ஹைட்ரோபோனுக்கும் இடையே ஒரே நடுப்புள்ளி உள்ள பதிவுகளை ஒன்றுசேர்க்க வேண்டும்:

```
susort < line.su > cdp.su cdp offset
```

தூரத்து ஹைட்ரோபோனுக்கு எதிரொலி தாமதமாக வரும். நேர்கீழே போய்வரும் நேரம் t0, ஏர் கன்னிலிருந்து ஹைட்ரோபோன் உள்ள தூரம் x, வேகம் v என்றால்:

```
t = sqrt(t0^2 + (x/v)^2)
```

மன்னார் படுகையில் 2011இல் எரிவாயு கிடைத்த டொராடோ கிணற்றில் கடலாழம் சுமார் 1350 மீட்டர். கணக்குக்கு வசதியாக 1500 என்று வைப்போம். நீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர் போவதால் கடல்தரை 2 நொடியில் தெரியும். 3000 மீட்டர் தள்ளியுள்ள ஹைட்ரோபோனில் அது 2.83 நொடி. சரியான வேகத்தைக் கொடுத்தால் இந்த வளைவு நேராகும். பிறகு எல்லாவற்றையும் கூட்டலாம்.

நான் சறுக்கியது அடுத்த படியில்தான். எந்த வேகத்தில் வளைவு நேராகிறது என்று suvelan கணக்கிட்டுத் தந்த வேகப் படத்தில் 4 நொடியில் இரண்டு திட்டுகள் இருந்தன, ஒன்று 1500இல், இன்னொன்று 2000இல். பளிச்சென்று தெரிந்த 1500ஐ எடுத்தேன். வந்த அடுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடல்தரை சரியும் இடத்தில் அது இரண்டு மடங்கு சரிந்தது!

அது அடுக்கே அல்ல. கடல்தரையில் பட்டு மேலே வந்த ஒலி நீர்மட்டத்தில் மோதி, மறுபடி கீழே போய் வந்திருக்கிறது. நேரம் சரியாக இரட்டிப்பு, வேகமோ நீரின் வேகமே. நீர்மட்டம் அலையைத் தலைகீழாக்குவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும் கடல்தரை இங்கே வெள்ளையாக இருக்கும். இதற்குப் பெயர் மல்டிப்பிள். ஆகவே 4 நொடிக்கு 1500ஐ விட்டு 2000ஐக் கொடுத்துக் கூட்டினேன்:

```
sunmo < cdp.su tnmo=2.0,4.0 vnmo=1500,2000 | sustack > stack.su
```

இப்போது உண்மையான அடுக்கு நேராகிறது. மல்டிப்பிள் 3000 மீட்டரில் இன்னும் 0.2 நொடி கீழே தொங்குவதால் கூட்டும்போது பெரும்பாலும் அழிகிறது. முழுதாக அல்ல, அருகிலுள்ள பதிவுகளில் அது விலகுவதே இல்லை. கூட்டும் முன் ஒருமுறை கண்ணால் பாருங்கள்: வளைவு மேலே சுருண்டால் கொடுத்த வேகம் குறைவு, கீழே தொங்கினால் அதிகம்.

பின்சேர்க்கை: பாக்கு நீரிணையில் இது சரிவரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். ஆழம் 10 மீட்டர் என்றால் மல்டிப்பிள்கள் 13 மில்லிநொடிக்கு ஒன்றாக அடுக்கிக்கொண்டு வரும், வேகத்தால் பிரிக்க முடியாது. அங்கே அந்தத் தாளத்தையே பிடித்து நீக்கும் supef பக்கம் போங்கள்.

கடைசியில் ஆழம். 2000 என்பது நீரும் வண்டலும் கலந்த வேகம். நீரின் பங்கைக் கழித்தால் வண்டலுக்கு மட்டும் சுமார் 2400 வருகிறது. அதில் ஒருவழி 1 நொடி, ஆகவே அடுக்கு 1500 + 2400 = 3900 மீட்டரில். எனது முதல் படத்தில் அது 3000 மீட்டரில் இருந்தது.