மின் பராமரிப்புக் கையேட்டைப் பெற்றுக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய கட்டடத்தின் மின் அமைப்பை ஒப்படைக்கும்போது, ஒப்பந்ததாரர் நான்கைந்து தடித்த கோப்புகளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார். அவற்றைப் புரட்டினால் பெரும்பாலும் பிரேக்கர், ஜெனரேட்டர், யுபிஎஸ் தயாரிப்பாளர்களின் அச்சிட்ட கேட்டலாக்குகளே இருக்கும். ஒரு கேட்டலாக் 630 ஆம்பியரிலிருந்து 4000 ஆம்பியர் வரை அந்த வகையில் உள்ள எல்லா பிரேக்கர்களையும் விவரிக்கும். நம் பேனலில் இருப்பது எது, அது எந்த அளவில் செட் செய்யப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. கோப்பின் தடிமனைப் பார்த்துக் கையெழுத்திடுவதுதான் முதல் தவறு.

பெரும்பாலான கையேடுகளில் விடுபட்டுப்போவது பிரேக்கர் செட்டிங் அட்டவணை. அது இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். 1000 கேவிஏ மின்மாற்றி ஒன்று 433 வோல்ட்டில் முழுச்சுமையில் ஏறத்தாழ 1333 ஆம்பியர் தரும். அதன் குறைந்த மின்னழுத்தப் பக்கமான எல்.டி. பக்கத்தில் 1600 ஆம்பியர் ஏர் சர்க்யூட் பிரேக்கரைப் பொருத்தி, ஓவர்லோடு செட்டிங்கை 0.8 என்று வைத்திருந்தால், பாதுகாப்பு எல்லை 1280 ஆம்பியர் ஆகிறது. மூன்றாண்டுகள் கழித்து மிகை மின்னோட்டத்தை உணர்ந்து அந்த பிரேக்கரை விழவைக்கும் ரிலீஸ் பழுதாகி, புதியதை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய செட்டிங் எங்கும் எழுதப்படாததால், புதிய ரிலீஸ் எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே விடப்படுகிறது. அது 0.4 ஆக இருந்தால் எல்லை 640 ஆம்பியர்தான். பிற்பகலில் ஏசிகள் எல்லாம் ஓடத் தொடங்கியதும் கட்டடம் இருளும், காரணமும் விரைவில் தெரிந்துவிடும். ஆனால் அது 1.0 ஆக இருந்தால் எவருக்கும் ஒன்றும் தெரியாது. மின்மாற்றி தன் திறனை மீறி 1500 ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருந்தாலும் பிரேக்கர் விழாது. சுருளின் காப்பு வெப்பத்தால் மெல்ல மெல்லக் கெடும். இந்த இரண்டாவது நிலையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

அதே அட்டவணையில் ஷார்ட் சர்க்யூட்டுக்கான தாமத நேரமும் இருக்க வேண்டும். ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கிளை ஃபீடரில் பழுது ஏற்பட்டால் அந்த ஃபீடரின் பிரேக்கர் முதலில் விழுவதற்காகவே, முதன்மை பிரேக்கருக்கு நொடியில் ஒரு சிறு பங்கு தாமதம் கொடுக்கப்படுகிறது. அந்தத் தாமதம் பூச்சியமாகிவிட்டால், ஏதோ ஒரு மாடியின் கேபிள் பழுதுக்கு முழுக் கட்டடமும் இருளலாம். ஆகவே ஒவ்வொரு பிரேக்கருக்கும் செட்டிங், தாமதம், ரிலீஸுக்குச் சிறு மின்னோட்டம் செலுத்தி அவற்றைச் சோதித்த செகண்டரி இன்ஜெக்‌ஷன் அறிக்கை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்; கையெழுத்திடுவதற்கு முன் அட்டவணையைப் பேனலின் முன் நின்று ரிலீஸின் டயலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சோதனை அறிக்கைகளில் எண் இருக்கும் இடத்தில் ‘சரி’ என்று மட்டும் எழுதியிருப்பதை ஏற்றுக்கொள்வது அடுத்த தவறு. பழுது மின்னோட்டத்தை மண்ணுக்குள் கடத்தும் எர்த் பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் டிசம்பரில், வடகிழக்குப் பருவமழையில் மண் நனைந்திருக்கும்போது எடுத்த மின்தடை அளவு, மே மாதத்து அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பிட்டை மற்ற எர்த் இணைப்புகளிலிருந்து பிரிக்காமல் அளந்திருந்தால், வந்த எண் அந்தப் பிட்டுடையதே அன்று. இணைந்துள்ள எர்த் அமைப்பு முழுவதற்கும் உரியது. எனவே பிட்டின் எண், அளந்த நாள், பிரித்து அளந்தார்களா இல்லையா என்பது மூன்றும் ஓம் மதிப்போடு பதிவாகியிருக்க வேண்டும். இவை இல்லாமல், இரண்டாண்டுகள் கழித்து நீங்கள் காணும் உயர்வு கம்பி அரிப்பால் வந்ததா, கோடையால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

வரைபடத்தில் ஏற்படும் தவறு உயிருக்கே ஆபத்தானது. டெண்டர் காலத்து வரைபடத்தில் தேதியை மாற்றி ‘கட்டியவாறு’ என்று முத்திரை குத்தித் தருவது உண்டு. அதில் ‘ஸ்பேர்’ என்றிருக்கும் ஃபீடர், வேலையின் கடைசி வாரத்தில் தீயணைப்பு பம்புக்கு இழுக்கப்பட்டிருக்கலாம். ஒரு விடுமுறை நாளில் ஒப்பந்ததாரரின் ஆட்களை உடன் வைத்துக்கொண்டு ஃபீடர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, எந்த மாடி, எந்த இயந்திரம் நிற்கிறது என்று பார்த்து, பேனல் லேபிளையும் வரைபடத்தையும் திருத்தச் சொல்லுங்கள். ஈபி, ஜெனரேட்டர், யுபிஎஸ், மேற்கூரை சோலார் என மின்சாரம் வரக்கூடிய வழிகள் அனைத்தையும் அந்த ஒரே தாளில் குறித்திருக்க வேண்டும். ஈபி பிரேக்கரை மட்டும் இறக்கிவிட்டு யுபிஎஸ்ஸின் பகிர்வுப் பெட்டியான டிபியைத் திறப்பவருக்கு, உள்ளே இன்னும் மின்சாரம் இருக்கிறது என்று சொல்லக்கூடியது அந்தத் தாள்தான். அதன் ஒரு நகலை லேமினேட் செய்து பேனல் அறைச் சுவரிலேயே மாட்டச் சொல்லுங்கள். பூட்டிய அலமாரியில் இருக்கும் கோப்பு நள்ளிரவு ஷிப்ட் எலக்ட்ரீஷியனின் கைக்கு எட்டாது.