ஸ்லைடை அப்படியே படமாக்கி கரோசலில் போடாதீர்கள்

மழைக்காலம் வந்தால் நம் பக்கத்தில் மண்சரிவு விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும். தோட்டத்து மண்டபத்தில் புரொஜெக்டரில் காட்டிய பவர்பாயிண்டை மறுநாளே யாராவது படங்களாக்கி, ஒரே பதிவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் கரோசலாக இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் கையில் இருக்கும் போனில் அதில் பாதி எழுத்து வாசிக்க முடியாது, வாசிக்க முடியாத எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை.

முதல் தவறு, ஸ்லைடின் வடிவத்தை மாற்றாமலே ஏற்றுவது. பவர்பாயிண்டின் வழக்கமான அகல ஸ்லைட் 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். இன்ஸ்டாகிராமில் 1080 பிக்சல் அகலத்துக்கு அது சுருங்கும்போது உயரம் 608 பிக்சல்தான் வரும். நெட்டாக 1080க்கு 1350 என்று போட்டால் கிடைக்கும் இடத்தில் பாதிகூட இல்லை. எழுத்தின் கணக்கைப் பாருங்கள்: 18 பாயிண்ட் எழுத்து என்பது கால் அங்குலம், அந்த ஸ்லைட் அகலத்தில் அது ஏறத்தாழ 2 சதவீதம். போன் திரை 7 சென்டிமீட்டர் அகலம் என்றால் ஒரு எழுத்துக்கு 1.3 மில்லிமீட்டர்தான் மிஞ்சும், அதற்குள் கொம்பும் புள்ளியும் சுழியும் அடங்க வேண்டும். சுவர் அளவுக்குப் பெரிதாகக் காட்டியபோது இந்தக் குறை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சரி, அளவை மாற்றுவோம். முதலில் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள், பழையது கூட்டத்துக்குத் தேவைப்படும். அப்புறம் Design, Slide Size, Custom Slide Size என்று போய் அகலம் 11.25 அங்குலம், உயரம் 14.06 அங்குலம் என்று கொடுங்கள். பவர்பாயிண்ட் வழக்கமாக ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல் வீதம் படமாக்குவதால் இது சரியாக 1080க்கு 1350 ஆகிவிடும்.

அடுத்த தவறு இங்கேதான். Maximize, Ensure Fit என்று இரண்டு வழி கேட்கும். முதலாவதை அழுத்தினால் ஓரங்களில் இருப்பது ஸ்லைடுக்கு வெளியே போய்விடும், இரண்டாவதை அழுத்தினால் எல்லாம் நடுவில் சுருங்கி மேலும் கீழும் வெறுமையாகக் கிடக்கும். Ensure Fit கொடுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், ஏனென்றால் எழுத்து இன்னும் சின்னதுதான். பின்னணிப் படம் இழுபட்டுப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த மண்சரிவு ஸ்லைடையே எடுப்போம். தலைப்பு, நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சுவரில் விரிசல், ஓரத்தில் ஒரு படம், அடியில் 117 என்ற இடர் முகாமைத்துவ நிலைய இலக்கம், எல்லாம் ஒரே பக்கத்தில். இதைச் சுருக்கக் கூடாது, பிரிக்க வேண்டும். ஒரு அறிகுறிக்கு ஒரு பக்கம், மேல் பாதியில் அதற்கான படம், கீழே இரண்டு வரி, எழுத்து 36 பாயிண்டுக்குக் குறையாமல். இந்தப் புதிய அகலத்தில் 36 பாயிண்ட் என்றால் போனில் 3 மில்லிமீட்டருக்கு மேல், சின்ன வயதுக்காரர் மட்டுமில்லை, வீட்டிலுள்ள அம்மாவும் வாசிப்பார். 117க்குத் தனிப் பக்கம் கொடுங்கள், அதுவும் கடைசியில்.

முதல் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு கரோசலில் முதல் படத்தின் வடிவம்தான் மற்றவற்றுக்கும், ஆகவே ஒன்று நெட்டாகவும் ஒன்று அகலமாகவும் கலந்து வைத்தால் மற்றவை வெட்டுப்படும். 2025இலிருந்து புரொபைல் பக்கத்தில் படங்கள் 3:4 ஆகத் தெரிகின்றன, அதனால் நம் படத்தின் இரு பக்கமும் சுமார் 34 பிக்சல் மறையும். தலைப்பை ஓரத்தோடு ஒட்டி வைத்தால் முதல் எழுத்தே காணாமல் போகும். மேல் வலது மூலையில் பக்க எண் வந்து உட்காரும், அங்கே லோகோ வேண்டாம்.

பாமினியில் தட்டிய கோப்பு என்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தவுடன் தமிழ் ஆங்கில எழுத்துகளாகக் கலைந்துவிடும். எழுத்துரு இருக்கும் கணினியிலேயே PNG ஆக்குங்கள், இல்லாவிட்டால் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

ஏற்றுமதி செய்யும்போது All Slides தெரிவு செய்தால் Slide1, Slide2 என்று வரும். பத்துக்கு மேல் போனால் சில இடங்களில் Slide10 என்பது Slide2க்கு முன்னால் வந்து நிற்கும். 01, 02 என்று பெயர் மாற்றிவிடுங்கள். அதைப் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்றால் படமாக அனுப்பாமல் டொக்யுமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது அழுத்திச் சுருக்கிவிடும், எழுத்தின் விளிம்பு மங்கிவிடும்.